போலி ஆஃபர் தளத்தை இணையத்திலிருந்து இறக்கணுமா? "பணம் போச்சு" என்று மட்டும் எழுதாதீர்கள்

ஃபேஸ்புக் விளம்பரத்தைப் பார்த்து எங்கள் அத்தை 499 ரூபாய்க்கு ஐந்து ஸ்டீல் பாத்திரங்கள் கொண்ட செட் வாங்கப் போனார். ஊரறிந்த ஒரு பாத்திரக்கடையின் பெயர், லோகோ, கடை வாசல் போட்டோ எல்லாம் அப்படியே அந்தத் தளத்தில் இருந்தன. கார்டு எண் கேட்டது, கொடுத்தார். ஓடிபி கேட்டது, அதையும் அதே பக்கத்தில் போட்டார். கணக்கிலிருந்து போனது 24,999. ஓடிபி வந்த எஸ்எம்எஸ்ஸில் தொகை தெளிவாகத்தான் இருந்தது; அவசரத்தில் யார் அதைப் படிக்கிறார்கள்?

கார்டை பிளாக் செய்து, சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு போன் போட்டு, cybercrime.gov.in-இலும் பதிவு செய்தோம். பணம் போயிருந்தால் முதல் வேலை இதுதான், அதுவும் உடனே. ஆனால் இதெல்லாம் முடிந்த பிறகும் அந்தத் தளம் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது, விளம்பரமும் நிற்கவில்லை. அதை இறக்க நாங்கள் பட்ட பாட்டைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒரு தளத்துக்குப் பின்னால் இரண்டு நிறுவனங்கள் இருக்கும். தளத்தின் பெயரை விற்றது ரெஜிஸ்ட்ரார். பக்கங்கள் உட்கார்ந்திருக்கும் சர்வரை வாடகைக்கு விட்டது ஹோஸ்டிங் நிறுவனம். ரெஜிஸ்ட்ரார் யார் என்று தெரிய lookup.icann.org போய்ப் பெயரை மட்டும் போட்டால் போதும், போனிலேயே வரும். அத்தை மாட்டிய தளம் பிறந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை என்பது அங்கே இருந்த தேதியிலேயே தெரிந்தது. அதே பக்கத்தில் ரெஜிஸ்ட்ராரின் abuse மெயில் முகவரியும் இருக்கும். புகாரை அங்கேதான் அனுப்ப வேண்டும், வாடிக்கையாளர் சேவைக்கு அனுப்பிப் பயனில்லை.

முதல் மெயிலை அத்தை மகன் அனுப்பினான். ஆர்டர் போட்டது, பணம் போனது, பொருள் வராதது, அம்மா அழுதது என்று முழுக்கதையும் எழுதியிருந்தான். ரெஜிஸ்ட்ரார் பதில் இரண்டே வரி: இது வாங்குபவருக்கும் விற்பவருக்கும் உள்ள தகராறு, போலீஸிடம் போங்கள். படித்ததும் ஆத்திரமாக வந்தது. ஆனால் இந்தப் பதிலுக்கு ஒரு காரணம் இருக்கிறது.

.com, .shop மாதிரியான பொதுப் பெயர்களை விற்கும் ரெஜிஸ்ட்ரார்கள், உலக அளவில் இணையப் பெயர்களை ஒருங்கிணைக்கும் ஐகேன் அமைப்போடு ஒப்பந்தம் போட்டவர்கள். 2024 ஏப்ரல் முதல் அந்த ஒப்பந்தத்தில் ஒரு கடமை சேர்ந்திருக்கிறது: ஒரு பெயரை வேஷம் போட்டு ரகசிய விவரம் பறிக்கும் ஃபிஷிங், கெடுதல் மென்பொருளான மால்வேர், களவாகக் கைப்பற்றிய கணினிகளின் கூட்டமான பாட்நெட், சரியான முகவரி அடித்தவரையும் போலிப் பக்கத்துக்குத் திருப்பும் ஃபார்மிங், இவற்றைப் பரப்பும் ஸ்பேம் ஆகியவற்றுக்குப் பயன்படுத்துவதாகத் தகுந்த ஆதாரம் வந்தால், ரெஜிஸ்ட்ரார் தாமதிக்காமல் அதைத் தடுக்க வேண்டும். "காசு வாங்கிக்கொண்டு பொருள் அனுப்பவில்லை" என்பது இந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் வேறொரு கடையின் வேஷம் போட்டு கார்டு எண்ணையும் ஓடிபியையும் பறிப்பது ஃபிஷிங் கணக்கில்தான் வரும். நடந்தது ஒன்றுதான். மெயிலில் எதை முன்னால் வைக்கிறோம் என்பதில்தான் வித்தியாசம். பொய்யாக எதையும் சேர்க்கச் சொல்லவில்லை. இப்படிப் பறிப்பே நடக்காத இடத்தில் ஃபிஷிங் என்று எழுதினால் அது நிற்காது.

அடுத்த மெயிலை நான் எழுதினேன். தலைப்பு இப்படி (பெயரை மாற்றியிருக்கிறேன்):

```
Phishing report: paathiram-offer.example (brand impersonation, card + OTP theft)
```

உள்ளே கதை கிடையாது. கார்டு விவரம் கேட்கும் பக்கத்தின் முழு முகவரி, அது எந்தக் கடையின் வேஷம், அந்தக் கடையின் உண்மையான தளம், பார்த்த தேதியும் நேரமும், முகவரிப் பட்டை தெரிகிற மாதிரி ஸ்க்ரீன்ஷாட்கள், சைபர் கிரைம் புகார் எண். அவ்வளவுதான். கார்டு எண், ஓடிபி எதையும் ஸ்க்ரீன்ஷாட்டில் தெரியவிடாதீர்கள். இந்தப் புகாரைத் தளம் நடத்துபவனுக்கே அனுப்பிவைக்கும் நிறுவனங்களும் உண்டு.

ஹோஸ்டிங் பக்கம் வேறு மாதிரி இழுத்தது. lookup பக்கத்தில் நேம்சர்வர் என்ற இடத்தில் ns.cloudflare.com என்று முடியும் பெயர்கள் இருந்தன. அப்படி இருந்தால் உண்மையான சர்வர் பெரும்பாலும் வேறெங்கோ இருக்கும். கிளவுட்ஃப்ளேர் என்ற நிறுவனம் முன்னால் நிற்கும் திரை மட்டும். ஐபி முகவரியைத் தேடினாலும் கிளவுட்ஃப்ளேர் பெயர்தான் வரும். abuse.cloudflare.com-இல் ஃபிஷிங் என்று புகார் கொடுத்தால் அதைப் பின்னால் இருக்கும் ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு அனுப்புவார்கள். அது எந்த நிறுவனம் என்பது நமக்கும் அப்படித்தான் தெரியவந்தது.

அந்த ஹோஸ்டிங் நிறுவனம் சொன்ன பதில்தான் உச்சம்: "நீங்கள் சொன்ன பக்கம் எங்களுக்குத் தெரியவில்லை, புகாரை முடித்துவிட்டோம்." என் லேப்டாப்பில் முகவரியை அடித்துப் பார்த்தேன். சமையல் குறிப்பு வலைப்பூ ஒன்று வந்தது! போனில் ஃபேஸ்புக் விளம்பரத்தைத் தட்டினால் மட்டும் பாத்திரக்கடை வந்தது. வருகிறவர் மொபைலா, இந்திய ஐபியா, விளம்பரம் வழியாக வந்தவரா என்று பார்த்து ஆளுக்கொரு முகம் காட்டும் வேலை இது. எங்கோ ஐரோப்பாவில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து புகாரைப் பார்ப்பவருக்கு சாம்பார் செய்முறைதான் தெரிந்திருக்கும். அவரை முழுதாகக் குறை சொல்லவும் முடியாது.

எனவே போனில் ஸ்க்ரீன் ரெக்கார்டிங் எடுத்தோம். விளம்பரத்தைத் தட்டுவதிலிருந்து கார்டு கேட்கும் பக்கம் வரை, இடையில் வெட்டாமல். முகவரிக்குப் பின்னால் ஃபேஸ்புக் ஒட்டும், fbclid என்று தொடங்கி வரும் நீளமான வாலையும் நறுக்காமல் கொடுத்தோம். ஆண்ட்ராய்டு போன், குரோம், இந்திய மொபைல் நெட்வொர்க், லேப்டாப்பில் வேறு பக்கம் வருகிறது என்றும் எழுதினோம். அடுத்த நாளே கணக்கை நிறுத்திவிட்டதாகப் பதில் வந்தது.

சந்தோஷம் நீடிக்கவில்லை. பெயர் தளம் நடத்துபவன் கையில் இருக்கும்வரை இன்னொரு சர்வரில் பக்கங்களை ஏற்றி, பெயரை அங்கே திருப்பிவிட்டால் போதும். அதைத்தான் செய்தான். ஹோஸ்டிங்கை மட்டும் பிடித்துத் தொங்கினால் இப்படித்தான் ஆகும். பெயரை முடக்க ரெஜிஸ்ட்ராரால்தான் முடியும், அல்லது அவருக்கு மேலே, .com மாதிரி ஒரு முடிவில் வரும் எல்லாப் பெயர்களையும் நிர்வகிக்கும் ரெஜிஸ்ட்ரி செய்ய வேண்டும். அந்த ரெக்கார்டிங்கை ரெஜிஸ்ட்ராருக்கும் அனுப்பினேன், பழைய டிக்கெட் எண்ணைப் போட்டு. புகார் கிடைத்தது என்று அவர்கள் உறுதி சொல்வதும் ஒப்பந்தப்படி கட்டாயம். அந்த மெயிலைப் பத்திரமாக வையுங்கள். ரெஜிஸ்ட்ரார் அசையவில்லை என்றால் ஐகேனிடம் புகார் செய்யலாம். முதலில் ரெஜிஸ்ட்ராரிடம் போனதற்கு அப்போது அதுதான் சாட்சி. .in பெயர்களுக்கு மட்டும் ஐகேன் ஒப்பந்தம் பொருந்தாது. அவற்றை நிர்வகிப்பது நிக்ஸி என்ற இந்திய அமைப்பு.

இந்த முறை வேலை நடந்தது. அதே lookup பக்கத்தில் clientHold என்ற நிலை வந்திருந்தது. ரெஜிஸ்ட்ரார் பெயரை இணையத்திலிருந்து எடுத்துவிட்டார் என்று அர்த்தம். ரெஜிஸ்ட்ரியே முடக்கினால் serverHold என்று வரும். என் போனில் அன்று மாலைவரை தளம் திறந்தது. பழைய விவரம் கேஷில், அதாவது தற்காலிகச் சேமிப்பில், இருந்ததால் அப்படி. அதைப் பார்த்துப் பதறி மறுபடி மெயில் போட வேண்டாம், நிலையைப் பார்த்தால் போதும்.

அதே பாத்திரக்கடை இப்போது பெயருக்கு நடுவில் ஒரு கோடு சேர்த்துப் புதிதாக முளைத்திருக்கிறது. ரெஜிஸ்ட்ராரும் வேறு. மெயில் தயாராக இருந்ததால் பெயரையும் ரெக்கார்டிங்கையும் மாற்றி நேற்றே அனுப்பிவிட்டேன். இன்று காலைவரை clientHold வரவில்லை. ஸ்டீல் செட் 499 ரூபாய் என்று விளம்பரம் வந்தால் தட்டாதீர்கள்.