பஃபே உணவில் முட்டை இருப்பதைச் சொல்லும் அட்டையை எங்கே, எப்படி வைப்பது: நான்கு வழிகளை ஒப்பிட்டு மண்டப மேலாளருக்கு ஒரு குறிப்பு

வணக்கம் சார்.

சனிக்கிழமை வரவேற்புக்கு முட்டை ஒத்துக்கொள்ளாத விருந்தினர்கள் மூன்று பேர் வருகிறார்கள் என்று பெண் வீட்டார் நேற்று சொன்னார்கள். ஒருவர் பெரியவர், மற்ற இருவரும் குழந்தைகள். "வாசலில் ஒரு பலகை வைத்தால் போதாதா?" என்று போனில் கேட்டீர்கள். போதாது சார். ஏன் போதாது, வேறு எது சரிவரும் என்பதையும் சொன்னால்தான் உங்களால் முடிவெடுக்க முடியும். நான் வேலை பார்த்த மண்டபங்களில் நான்கு விதமாகச் செய்து பார்த்திருக்கிறார்கள். அவற்றை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கிறேன்.

முதலில் நம் பட்டியலைப் பாருங்கள். மொத்தம் 22 உணவுகள், அதில் 7-ல் முட்டை இருக்கிறது. வேகவைத்த முட்டை போட்ட சாலட் பார்த்ததுமே தெரியும். கேக்கிலும் கஸ்டர்டிலும் இருக்கும் என்று எவரும் யூகிப்பார்கள். மற்ற நான்கும்தான் என் கவலை. நூடுல்ஸ் மாவிலேயே முட்டை சேர்த்துப் பிசைந்தது. தொட்டுக்கொள்ள வைக்கும் மயோனைஸில் மஞ்சள்கரு இருக்கிறது. பன்னின் மேல் பளபளப்புக்காக முட்டை தடவிச் சுட்டிருக்கிறோம். காய்கறி கட்லெட்டை அடித்த முட்டையில் முக்கித்தான் ரொட்டித்தூளில் புரட்டுகிறோம். பெயரிலேயே காய்கறி இருப்பதால் அந்தக் கட்லெட்டை யாரும் சந்தேகப்படுவதில்லை.

உங்கள் யோசனையான வாசல் பலகையை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஒரே இடத்தில் எழுதி வைத்தால் வேலை முடிந்தது, செலவும் இல்லை. ஆனால் விருந்தினர் வாசலில் நிற்கும்போது பசியில் இருப்பதில்லை. கையில் பரிசுப் பொருள், எதிரே உறவினர்கள், பின்னால் வரிசை. 7 பெயர்களையும் படித்தாலும், அரை மணி நேரம் கழித்துத் தட்டோடு நிற்கும்போது நினைவில் எது தங்கும்? "சில உணவுகளில் முட்டை உள்ளது, பணியாளரிடம் கேளுங்கள்" என்று பொதுவாக எழுதினால் இன்னும் மோசம். பரிமாறும் பையன் பெரும்பாலும் அன்றைய தினக்கூலிக்கு வந்தவன், அந்த உணவைச் சமைத்தவன் இல்லை. தெரியாது என்று சொல்லக் கூச்சப்பட்டு, கண்ணுக்குத் தெரிவதை வைத்துப் பதில் சொல்லிவிடுவான். ஆக, பலகையைக் கூடுதலாக வைத்துக்கொள்ளலாம், அதை மட்டும் நம்ப முடியாது.

இரண்டாவது, முட்டை உள்ள உணவுகளுக்கு மட்டும் அட்டை வைப்பது. பெரும்பாலான இடங்களில் இதுதான் நடக்கிறது, நானும் பல வருடம் இப்படித்தான் செய்தேன். 7 அட்டைதானே, எளிதாக இருக்கிறது. இதில் என்ன ஆபத்து என்பதை ஒரு விருந்தில் நேரில் பார்த்தேன். ஒரு அம்மா தன் மகனோடு வந்து அட்டைகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே போனார். கேக்கைத் தவிர்த்தார், மயோனைஸைத் தவிர்த்தார். கட்லெட் தட்டின் முன் அட்டை இல்லை, அதனால் இரண்டு எடுத்துப் பையன் தட்டில் வைத்தார். தட்டைக் கடைசியாகப் பார்த்துவிட்டு எதற்கும் கேட்போம் என்று என்னிடம் வந்ததால் தப்பித்தோம். அட்டை எங்கே என்று தேடினேன். தீர்ந்துபோன ட்ரேயை எடுத்துப் புது ட்ரே வைத்தபோது அது மேசை விரிப்பின் மடிப்புக்குள் விழுந்திருந்தது. முட்டை உள்ளது என்று எழுதிய பக்கம் தரையைப் பார்த்துக் கிடந்தது.

அன்றைக்கு எனக்கு ஒன்று உறைத்தது. இந்த முறையில் அட்டை இல்லை என்றால், முட்டை இல்லை என்று அர்த்தம். ஓர் அட்டை விழுந்தாலும், நனைந்தாலும், பக்கத்து ட்ரேக்கு நகர்ந்தாலும் அந்த இடம் தானாகவே பொய் சொல்லத் தொடங்கிவிடும். பொய் சொல்கிறது என்பது யாருக்கும் தெரியவும் தெரியாது, ஏனென்றால் பாதி மேசையில் அட்டை இல்லாமல்தான் இருக்கிறது.

மூன்றாவது, 22 உணவுகளுக்கும் அட்டை வைப்பது. ஒவ்வொன்றிலும் "முட்டை சேர்த்தது" அல்லது "முட்டை சேர்க்கவில்லை" என்று இரண்டில் ஒன்று இருக்க வேண்டும். இப்போது ஓர் அட்டை விழுந்தால் அந்த இடம் காலியாகத் தெரியும். எதுவும் எழுதாத உணவை அலர்ஜி உள்ளவர் தொடமாட்டார், நம் ஆளும் உடனே கவனிப்பான். தவறு நடந்தால் தவறு என்று காட்டிக்கொடுக்கும் ஒரே முறை இதுதான் சார்.

வார்த்தையில் மட்டும் கவனம் வேண்டும். "முட்டை அலர்ஜிக்குப் பாதுகாப்பானது" என்று எழுத வேண்டாம். முட்டை புழங்கும் அடுப்படியில் அந்த வாக்கை என்னால் கொடுக்க முடியாது. நாங்கள் என்ன சேர்த்தோம் என்பதை மட்டும் சொல்லலாம். சைவக் குறி போடுவதும் இதற்குப் பதில் ஆகாது, முட்டையைச் சைவத்தில் சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள், சேர்க்காதவர்களும் இருக்கிறார்கள். நிறத்தை மட்டும் நம்பிச் சிவப்புப் பொட்டு, பச்சைப் பொட்டு வைத்தாலும் சிக்கல்தான். உங்கள் மண்டபத்தில் மாலை ஏழு மணிக்கு மேல் ஊதா விளக்கு போடுவீர்கள், அந்த வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். சிவப்பு, பச்சை பிரித்தறிய முடியாதவர்களும் உண்டு. எழுத்தே போதும், ஒரு கை நீளத்தில் நின்று படிக்கும் அளவு பெரிதாக.

கேக்குக்கு நன்றாகச் சுட்டுவிட்டோமே என்று தனிச் சலுகை கொடுக்கவும் முடியாது. முட்டை வெள்ளைக்கருவில் ஒத்துக்கொள்ளாமல் போகும் புரதங்களில் ஓவல்புமின் சூட்டில் பெரிதும் மாறிவிடும், ஓவோமியூகாய்டு சூட்டைத் தாங்கிக்கொள்ளும். அதனால்தான் சிலருக்குக் கேக் ஒத்துக்கொள்கிறது, அரைவேக்காட்டு முட்டை ஒத்துக்கொள்வதில்லை. சிலருக்கு இரண்டுமே ஆகாது. யார் எந்த வகை என்பது அவருக்கும் அவருடைய மருத்துவருக்கும் தெரிந்த விஷயம். அட்டை அதை முடிவு செய்யக் கூடாது.

நான்காவது, முட்டை இல்லாதவற்றுக்குத் தனி மேசை. கேட்க நன்றாக இருக்கிறது. கரண்டிகள் கலக்காது, தேட வேண்டியதும் இல்லை. நடைமுறையில் அந்த மேசைக்கு எல்லோரும் வருவார்கள், யாரையும் தடுக்க முடியாது. மயோனைஸ் வழியும் தட்டோடு வந்து, தனி மேசையின் கரண்டி அந்தத் தட்டில் படும்படி அள்ளுவார்கள். ஒரு மணி நேரத்தில் அதுவும் மற்ற மேசை மாதிரி ஆகிவிடும். அதற்குப் பிறகும் அது தனி மேசை என்று நம்பி ஒருவர் வருவார், அதுதான் பயம். ஓர் ஆளை அங்கேயே நிறுத்தி அவரே பரிமாறினால் இந்த முறை நிற்கும். இல்லாவிட்டால் வேண்டாம்.

இதே கரண்டிப் பிரச்சினை மூன்றாவது முறையிலும் இருக்கிறது, மறைக்கவில்லை. அட்டை எவ்வளவு சரியாக இருந்தாலும், நூடுல்ஸ் இடுக்கியை யாராவது பக்கத்துக் காய்கறியில் போட்டுவிட்டால் அட்டை பொய்யாகிவிடும். சூடாக இருக்கிறதே என்று சமாதானம் சொல்ல முடியாது. சூடு கிருமியைக் கொல்லும், ஒட்டிய முட்டைப் புரதத்தை எடுத்துவிடாது. துணியால் துடைத்தாலும் போகாது, சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவ வேண்டும். கைக்கு ஜெல் தடவிக்கொண்டு பரிமாறுவதும் இதற்கு உதவாது.

ஆகவே என் முடிவு மூன்றாவது முறை, அதோடு ஒரு கூடுதல் ஏற்பாடு. முட்டை உள்ள ட்ரேக்கள் எல்லாம் வரிசையின் கடைசியில் ஒன்றாக நிற்கட்டும். முன்கூட்டியே சொன்ன அந்த மூன்று பேருக்கும் பஃபே திறப்பதற்கு முன்பே, யாருடைய கரண்டியும் படாத ட்ரேயிலிருந்து அடுப்படியிலேயே தட்டு போட்டு மூடி வைத்துவிடுவேன். தட்டில் பெயர் எழுதி ஒட்டியிருக்கும், நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். அட்டைகள், முன்னால் சொல்லாமல் வரும் நான்காவது, ஐந்தாவது ஆளுக்காக.

அட்டை எழுதுவதற்கு முன்பே பிரச்சினையைக் குறைக்கவும் வழி இருக்கிறது. கட்லெட்டை முட்டைக்குப் பதிலாகச் சோள மாவுக் கரைசலில் முக்கிப் பொரித்தால் ரொட்டித்தூள் அதே போல ஒட்டும், நேற்று பத்து துண்டு போட்டுப் பார்த்துவிட்டேன். உருளைக்கிழங்கு வறுவலும் அந்த எண்ணெயில்தான் பொரிகிறது. பழைய முறையில் செய்திருந்தால் அந்த வறுவல் அட்டையில் "முட்டை சேர்க்கவில்லை, ஆனால் முட்டை பொரித்த எண்ணெயில் பொரித்தது" என்று நீளமாக எழுத வேண்டியிருக்கும். ஒன்றை மாற்றியதில் இரண்டு சரியாகிவிட்டது. பன்னுக்கு மேலே பால் தடவிக்கொள்கிறேன், பளபளப்பு கொஞ்சம் குறையும், பரவாயில்லை. முட்டை உள்ளவை இனி 5 மட்டும்.

அட்டையை யார் எழுதுவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் அலுவலகத்தில் பட்டியலைப் பார்த்து எழுத வேண்டாம், நானே எழுதுகிறேன். பட்டியல் அச்சடித்த பிறகும் அடுப்படியில் பொருள் மாறும். முட்டை சேர்க்காத மயோனைஸ் தீர்ந்து, வேறு பாட்டில் வாங்கி வரும் நாள் உண்டு. சனிக்கிழமை மதியம் எல்லாப் பொருளும் வந்து இறங்கியதும், ஒவ்வொரு பாக்கெட்டின் பின்பக்கத்தையும் மாஸ்டரும் நானும் படித்துவிட்டுத்தான் எழுதுவோம். சிலவற்றில் முட்டை என்று நேரடியாக இருக்காது, அல்புமின், லைசோசைம் என்று போட்டிருக்கலாம். எழுதிய சீட்டின் இன்னொரு பிரதியை ட்ரேயின் கைப்பிடியிலேயே கட்டிவிடுவோம். மாற்று ட்ரே வரும்போது கைப்பிடிச் சீட்டும் மேசை அட்டையும் ஒன்றுதானா என்று பார்த்துவிட்டுத்தான் மூடியைத் திறக்க வேண்டும்.

உங்கள் பக்கத்தில் எனக்குத் தேவையானவை சிலதான். அட்டையை இறுக்கிப் பிடிக்கும் கிளிப் வைத்த நிறுத்தி 22, விழுந்தால் மாற்ற இன்னும் மூன்று. உணவு மேசைக்கு மேல் மட்டும் வெள்ளை விளக்கு. மேசையை விட்டு நகராத ஒரே ஆள், உங்கள் நிரந்தரப் பணியாளராக இருந்தால் நல்லது. முட்டை பற்றி யார் கேட்டாலும் அவர் சொல்ல வேண்டிய பதில், "ஒரு நிமிடம், சமைத்தவரைக் கூப்பிடுகிறேன்." அவ்வளவுதான், தானாக எதையும் சொல்ல வேண்டாம். அப்புறம், யாருக்காவது உடம்பில் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத் திணறல் என்று வந்துவிட்டால் ஆம்புலன்ஸை யார் கூப்பிடுவது, எந்த வாசல் திறந்திருக்கும் என்பதை வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள். பின்வாசலில் பூ வண்டி நிற்கும் என்று அலங்காரக்காரர் சொல்கிறார், அதை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும்.