குரோம்புக்கிலிருந்து வீட்டுக் கணினி: ரிமோட் டெஸ்க்டாப்பா, எஸ்எஸ்எச்சா?

திறப்பது: குரோம் ரிமோட் டெஸ்க்டாப்பை வீட்டுக் கணினியில் ஒருமுறை நிறுவிவிட்டால், குறைந்தது ஆறு இலக்கப் பின் எண்ணும் கூகுள் கணக்கும் போதும், விண்டோஸ் ஹோம் பதிப்பிலும் இயங்கும். கட்டளைகளைத் தட்டச்சு செய்து கணினியை இயக்கும் எஸ்எஸ்எச்சுக்கு, உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் கணினியில் ஒருமுறை இதை நிறுவ வேண்டும்:

```
sudo apt install openssh-server
```

பிறகு குரோம்புக்கின் டெர்மினல் செயலியிலிருந்தே இணையலாம்.

வெளியூரில்: முன்னது ரௌட்டரைத் தொடாமலே வேலை செய்யும். பின்னதற்கு விபிஎன் வேண்டும்; 22ஆம் போர்ட்டை இணையத்துக்குத் திறந்து வைப்பதை நான் ஏற்கவே மாட்டேன்.

இணைய வேகம்: ரிமோட் டெஸ்க்டாப் முழுத் திரையையும் படமாக அனுப்புவதால், இணைப்பு மெலிந்தால் எழுத்துகள் மங்கும். எஸ்எஸ்எச்சில் எழுத்து மட்டுமே போய்வரும். ரயிலில் இணைப்பு அறுந்தாலும், அமர்வை உயிரோடு வைத்திருக்கும் tmux என்ற கருவிக்குள் தொடங்கிய பேக்கப் வீட்டில் ஓடிக்கொண்டே இருக்கும்.

லினக்ஸில் பலரைக் குழப்புவது ஒன்று உண்டு. ரிமோட் டெஸ்க்டாப் பெரும்பாலும் தனி அமர்வைத் தொடங்குவதால், மேசைத் திரையில் திறந்து வைத்த கோப்பு அங்கே தெரியாது. Offline என்று காட்டினால், முதலில் கணினி உறங்கிவிட்டதா என்று பாருங்கள். இரண்டு வழிகளுக்குமே அது விழித்திருக்க வேண்டும்.

விண்டோஸ் மென்பொருளைத் திரையில் பார்த்து இயக்க ரிமோட் டெஸ்க்டாப். லினக்ஸ் சர்வரைப் பராமரிக்க எஸ்எஸ்எச்.