ஆஸ்பத்திரி செலவுக்கு வைத்த சீட்டுப் பணம்: தெருச் சீட்டில் சேரும் முன் படியுங்கள்

எங்கள் தெருவில் ஏலச்சீட்டு நடத்தும் ஒரு அக்காவிடமிருந்து எனக்கு வர வேண்டிய பணத்தில் பாதிக்கு மேல் இன்னும் நிற்கிறது. பெயர் போடவில்லை, புகார் நிலுவையில் இருக்கிறது. அவசரத்துக்கு என்று வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்து இப்படிச் சீட்டில் போடுகிற பெண்கள் நிறைய பேர் இருப்பதால் எழுதுகிறேன்.

20 பேர், மாதம் 2,000, மொத்தம் 40,000 ரூபாய்ச் சீட்டு. மொத்தத்தில் யார் அதிகம் விட்டுக்கொடுத்து, அதாவது தள்ளிக் கேட்கிறாரோ அவருக்கு அந்த மாதச் சீட்டு. தள்ளிய தொகையில் 2,000 அக்காவின் கமிஷன், மீதி எல்லாருக்கும் கசராகப் பிரிந்து அந்த மாதத் தவணையில் கழியும். கசர் போக எட்டு மாதத்தில் நான் கட்டியிருந்தது சுமார் 13,000.

ஒன்பதாவது மாதம் மாமியாருக்கு இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் அட்வான்ஸ் கேட்டார்கள். ஏலத்துக்கு இன்னும் பல நாள் இருந்தது. "ஏலத்தன்னைக்கு வா கண்ணு, எடுத்துக்கலாம்" என்றார் அக்கா. அதுவரை நகையை வைத்துத்தான் சமாளித்தோம்.

ஏலத்தன்று ஹாலில் இருந்த யாரும் 6,000-க்கு மேல் தள்ளவில்லை. நான் 7,000 என்றதும் அக்கா போனைக் காதில் வைத்தார். "ஒருத்தங்க லைன்ல இருக்காங்க, 8,000 கேக்கறாங்க" என்றார். அந்தக் குரல் எங்கள் யாருக்கும் கேட்கவில்லை. 8,500 என்றேன், அந்தப் பக்கம் 9,500. கடைசியில் 10,000 தள்ளி எடுத்தேன். கையில் வர வேண்டியது 30,000. அதில் 13,000 போக மீதி 17,000 கடன்தான். மிச்ச மாதங்களும் நான் கட்டியாக வேண்டும் அல்லவா? அவசரம் யாருக்கோ அவர்தான் அதிகம் தள்ளுவார். ஒழுங்காக நடக்கிற சீட்டிலும் இது இப்படித்தான்.

பணம் அன்று வரவில்லை. "ரெண்டு பேர் இன்னும் கட்டலை", "திங்கட்கிழமை தந்துடறேன்". பிறகு 5,000, கொஞ்ச நாள் கழித்து 4,000, அதோடு சரி. என்னிடம் மட்டும் அடுத்த தவணை சரியாகக் கேட்டு வாங்கினார். இரண்டு மாதத்தில் வீடு பூட்டிக் கிடந்தது.

அப்புறம்தான் பெண்கள் நாங்கள் நோட்டுகளை வைத்துக்கொண்டு பெயர்களைச் சரிபார்த்தோம். 20 பெயரில் மூன்று பேரை யாருமே பார்த்ததில்லை. அந்த மூன்றும் முதல் மாதங்களிலேயே எடுக்கப்பட்ட சீட்டுகள். என் ஏலத்தில் ஆளுக்குக் கசர் 400, அதனால் தவணை 1,600. இருபது பேரும் கட்டினால் 32,000 சேரும்: எனக்கு 30,000, அவருக்கு 2,000. மூன்று பெயருக்கும் பணம் வராவிட்டால் 27,200-தான் சேரும். ஆக என் சீட்டுக்கு முழுப் பணம் அந்த வீட்டில் இருந்ததே இல்லை. அதுவரை இன்னொரு சீட்டுப் பணத்தை எடுத்து ஓட்டையை அடைத்திருக்கிறார் என்று நினைக்கிறோம். சீட்டு எடுத்தவருக்குப் பணம் துண்டு துண்டாக வர ஆரம்பித்தால் அதுதான் முதல் அறிகுறி. எனக்கு முந்தைய மாதம் எடுத்தவருக்கும் அப்படித்தான் வந்திருக்கிறது; கௌரவம் பார்த்து அவர் வெளியே சொல்லவில்லை.

1982 சிட் ஃபண்ட் சட்டப்படி பதிவான சீட்டில் நிலைமை வேறு. நடத்துபவர் சீட்டுத் தொகைக்கு ஈடாகப் பதிவாளரிடம் பிணை வைக்க வேண்டும். எடுத்தவர் ஜாமீன் கொடுத்துவிட்டால் அடுத்த ஏலத் தேதிக்குள் பணம் தர வேண்டும். கமிஷன் 7 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. ஆனால் அங்கேயும் ஏலம் மாதம் ஒரு முறைதான், ஜாமீன் தேட நாளாகும். ஆஸ்பத்திரி அதுவரை காத்திருக்காது.

இப்போது நான் வங்கியில் ஆர்.டி. போடுகிறேன். கசர் மாதிரி ஆசை காட்டும் வருமானம் இல்லை, உண்மைதான். ஆனால் நடுவில் மூடினால் வட்டியில் கொஞ்சம் குறைப்பார்கள், கட்டிய பணம் அப்படியே கைக்கு வரும். வங்கியே கவிழ்ந்தாலும் 5 லட்சம் வரை காப்பீடு உண்டு. அஞ்சலக ஆர்.டி. வேறு மாதிரி, கவனியுங்கள்: ஐந்து வருடக் கணக்கு, மூன்று வருடம் முடியாமல் மூட முடியாது. 12 தவணை கட்டிய பிறகு இருப்பில் பாதி வரை கடன் வாங்கலாம், அவ்வளவுதான். அதை அவசரப் பணமாக வைக்காதீர்கள்.

ஏற்கெனவே தெருச் சீட்டில் இருப்பவர்கள் இனி தவணையை ரொக்கமாகக் கொடுக்காமல் போனில் அனுப்புங்கள், குறிப்பில் 'சீட்டு, எத்தனையாவது மாதம்' என்று போடுங்கள். எங்களில் புகார் கொடுக்கப் போனபோது கையில் காட்ட ஏதாவது இருந்தது அப்படி அனுப்பியவர்களுக்குத்தான். ரொக்கமாகக் கட்டியவர்களிடம் இருந்தது அக்காவின் கிறுக்கல் கையெழுத்து போட்ட நாற்பது பக்க நோட்டு மட்டும், அதிலும் சில மாதங்களுக்குக் கையெழுத்தே இல்லை.