"வாங்க"வ இங்கிலீஷ்ல எப்படி அனுப்பறது? 'சார்' போட்டா, மொட்டையாவா, இல்ல வேற வழியா

ஆழியார் பக்கம் தோப்புக்குள்ள ரெண்டு ரூம் வாடகைக்கு விடறோம்ங்க, வால்பாறை போற வெளிநாட்டுக்காரங்க நெறைய பேர் தங்குவாங்க, அவங்களுக்கு வாட்ஸ்அப்ல பதில் போடறது நாந்தான். நம்மூர்ல எதப் பேசினாலும் கடைசில ஒரு 'ங்க' ஒட்டிக்கும், மரியாதை பூரா அதுலதான் இருக்கு, ஆனா இங்கிலீஷ்ல அத ஒட்ட எடமே இல்ல.

ஒரே வரிய எடுத்துக்கறேன்: "ரெண்டு மணிக்கு மேல வாங்க, பாஸ்போர்ட் எடுத்துட்டு வந்துருங்க."

மொதல் வழி, ஒவ்வொரு 'ங்க'வுக்கும் ஒரு சார். "ரெஸ்பெக்டட் சார், கைண்ட்லி கம் ஆஃப்டர் டூ சார்." பெங்களூர்ல இருந்து வர்றவங்களுக்கு இது உறுத்தாது. இங்கிலாந்துக்காரங்களுக்கு ஆபீஸ் சர்க்குலர் மாதிரி இருக்கும், 'கைண்ட்லி'ங்கறது கண்டிப்பா சொல்ற மாதிரி கூட கேக்கும்.

ரெண்டாவது, 'ங்க'வ அப்படியே கழட்டிடறது. "கம் ஆஃப்டர் டூ. பிரிங் பாஸ்போர்ட்." ஆரம்பத்துல நான் இப்படித்தான் அனுப்பிட்டிருந்தேன், ஒரு அம்மா "என் பாஸ்போர்ட்ல ஏதாச்சும் பிரச்சனையா"ன்னு பதறிப்போய்க் கேட்டாங்க, அன்னைக்குத்தான் புரிஞ்சுது இது 'வா, கொண்டா'ன்னு அதட்டற மாதிரி போய்ச் சேந்திருக்குன்னு.

மூணாவதுதான் நான் இப்ப பண்றது. "யுவர் ரூம் வில் பி ரெடி ஃப்ரம் 2 பிஎம். குட் யூ ப்ளீஸ் பிரிங் யுவர் பாஸ்போர்ட்? வீ நீட் இட் ஃபார் த கெஸ்ட் ரெஜிஸ்ட்ரேஷன்." வெளிநாட்டுக்காரங்க தங்குனா 24 மணி நேரத்துக்குள்ள அவங்க விவரத்த அரசாங்கத்துக்கு அனுப்பியாகணும், அந்தக் காரணத்தையும் சேத்து சொல்லிட்டா மெரட்டல் போயிருது. வாங்கன்னு கூப்பிடறது ரூம் ரெடின்னு சொல்றதுல வந்துருது, 'ங்க' இருந்த மரியாதை 'குட் யூ'வுக்குள்ள போய் உக்காந்துக்குது.

பேர்ல மட்டும் கவனமா இருக்கணுங்க. நமக்கு இனிஷியல் போக மிச்சம் இருக்கறது சொந்தப் பேர், அந்தப் பழக்கத்துல 'மிஸ்டர் டேவிட்'னு போட்டுடறோம், அவங்க மிஸ்டர் போடறது குடும்பப் பேருக்கு முன்னாடிதான். அவங்க மெசேஜ் கடைசில என்ன பேர் போட்டிருக்காங்களோ அதையே போட்டுக் கூப்பிடறது நல்லது. வெறும் 'டேவிட்'னு அடிக்க எனக்கு கை கூசும், ஆனா அது அவங்களுக்கு மரியாதைக் குறைவே இல்ல.

'சாப்ட்டீங்களா'வ 'ஹேவ் யூ ஈட்டன்'னு அனுப்பினா சாப்பாடு தரப்போறோம்னு நெனச்சுக்குவாங்க. சாப்பாடு இருந்தா 'வுட் யூ லைக் சம் லஞ்ச்'னே கேட்டுடலாம், சும்மா நலம் விசாரிக்கறதுன்னா 'ஹவ் வாஸ் த ட்ரைவ்' போதும், வால்பாறை 40 கொண்டை ஊசி வளைவு எறங்கி வந்தவங்களுக்கு அதுக்குச் சொல்ல நெறைய இருக்கும்.

'போயிட்டு வர்றேனுங்க'வ மட்டும் 'ஐ வில் கோ அண்ட் கம்'னு சொல்லவே கூடாது. எங்க தோப்பு ஆள் அப்படிச் சொல்லிட்டு வீட்டுக்குப் போயிட்டார், வந்தவங்க ராத்திரி பத்து மணி வரைக்கும் கதவத் தொறந்து வெச்சு உக்காந்திருந்தாங்க. 'குட் நைட், சீ யூ டுமாரோ'ன்னு இப்ப பழக்கிவிட்டிருக்கேன்.