நாலு வருடம் ஒரு சின்ன ஓவனில் சிக்கன் சுட்ட அனுபவம்

எங்கள் வீட்டில் இருப்பது 28 லிட்டர் ஓடிஜி. கேக் போட்டது குறைவு, ஆனால் வாரம் ஒருமுறையாவது சிக்கன் லெக் பீஸோ காலிஃப்ளவரோ உள்ளே போய்விடும். முதல் ஆறு மாதம் ஒரே தொல்லைதான், மேலே கருகியிருக்கும், எலும்போரம் வெந்திருக்காது. மசாலாவை மாற்றினேன், நேரத்தைக் கூட்டினேன், எதுவும் சரிவரவில்லை. கோளாறு சிக்கனை உள்ளே வைக்கும் நேரத்திலும், வைக்கும் தட்டின் உயரத்திலும் இருந்தது.

சின்ன ஓவனில் மேல் ராடுக்கும் சிக்கனுக்கும் நடுவே ஒரு சாண் இடம்கூடக் கிடைக்காது. ஓவன் சூடேறும் வரை அந்த ராடு விடாமல் செக்கச்செவேலென்று எரியும், குறித்த சூடு வந்த பிறகுதான் அணைவதும் எரிவதுமாக மாறும். ஆறிக் கிடக்கும் ஓவனில் சிக்கனை வைத்துவிட்டு குமிழைத் திருப்பினால், அந்த விடாமல் எரியும் நேரம் முழுக்க அனல் நேராகத் தோலில் அடிக்கிறது, ஆனால் சுற்றியுள்ள காற்றும் சுவரும் ட்ரேயும் இன்னும் சூடாகவில்லை. அதனால்தான் மேலே கருகல், உள்ளே பச்சை. ப்ரீஹீட் செய்வதே இந்தக் கட்டத்தை சிக்கன் இல்லாமல் கடத்திவிடத்தான்.

ராடு முதல் தடவை அணைந்ததும் ஓவன் தயார் என்று நான் நினைத்திருந்தேன். உள்ளே வைக்கும் சின்ன தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, குமிழை 200-இல் வைத்தால் ஏழாவது நிமிடத்திலேயே ராடு அணைகிறது, தெர்மாமீட்டரோ 160-ஐ ஒட்டித்தான் நிற்கிறது. ராடு மூன்று நான்கு முறை அணைந்து எரிந்த பிறகு, அதாவது 15 நிமிடத்துக்கு மேல் ஆன பிறகு, 180 பக்கம் நிலைத்தது. சுவர் சூடாகாமல் கதவைத் திறந்தால் சூடான காற்று வெளியே போய்விடும், ராடு மறுபடி நீண்ட நேரம் எரிய ஆரம்பித்துவிடும். இப்போது 200 வேண்டுமென்றால் 220-இல் வைத்து 18 நிமிடம் விடுகிறேன். இது என் ஓவனின் கணக்கு, உங்களுடையது வேறாக இருக்கலாம், தெர்மாமீட்டர் வைத்து ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சரி, போன ஞாயிற்றுக்கிழமை செய்ததைச் சொல்கிறேன். நாலு முழு லெக் பீஸ், கிட்டத்தட்ட 900 கிராம். முந்தின இரவே உப்பு, மிளகு, பூண்டு தடவி, மூடாமல் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தேன். தோல் காய்ந்திருந்தால்தான் நிறம் பிடிக்கும், ஈரம் இருந்தால் ஓவனின் சூடு முதலில் அதை ஆவியாக்குவதிலேயே போய்விடும். தயிர் மசாலா போடுகிறவர்கள் சொட்டாத அளவுக்கு வழித்துவிட்டு வையுங்கள், மிளகாய்த்தூள் ராடுக்குக் கீழே சீக்கிரம் கருகும்.

இரண்டு ராடும் எரிய, 200 டிகிரியில், கம்பித் தட்டைக் கீழிருந்து இரண்டாவது பள்ளத்தில் வைத்தேன், அடியில் எண்ணெய் ஒழுக ட்ரே. என் ஓவனில் நாலு பள்ளம் உண்டு. பள்ள எண்ணிக்கையைவிட முக்கியம், சிக்கனின் உச்சி மேல் ராடிலிருந்து நாலு விரலாவது தள்ளி இருக்க வேண்டும். 25-ஆவது நிமிடத்தில் ஒரே ஒருமுறை கதவைத் திறந்து, முன்பக்கம் இருந்ததைப் பின்பக்கமாகத் திருப்பினேன், கதவோரம் எப்போதும் சூடு குறைவு. 40-ஆவது நிமிடத்தில் தொடையின் தடித்த இடத்தில், எலும்பைத் தொடாமல், கறிக்குள் குத்தும் தெர்மாமீட்டரைச் செருகினால் 76 காட்டியது. 74 வந்தாலே சாப்பிடலாம், ஆனால் தொடைக்கறி 82 வாக்கில்தான் எலும்பை விட்டுக் கழன்று வரும். அப்புறம் மேல் ராடை மட்டும் வைத்து, ஒரு பள்ளம் மேலே ஏற்றி, பக்கத்திலேயே நின்று ஐந்து நிமிடம். தோல் மொறுமொறுவென்று வந்தது. வெட்டுவதற்கு முன் பத்து நிமிடம் வெளியே வைத்தேன்.

காய்கறிக்குக் கூடுதலாக ஒன்று செய்வேன், ட்ரேயையும் உள்ளே வைத்தே ப்ரீஹீட். எண்ணெய் புரட்டிய காலிஃப்ளவரைக் கொட்டும்போது சுர்ரென்று சத்தம் வர வேண்டும், வராவிட்டால் அடிப்பக்கம் சிவக்காது, வெந்து குழையும். பூக்கள் ஒன்றையொன்று தொடாமல் பரப்ப வேண்டும், இந்த ட்ரேக்கு அரைப் பூவுக்கு மேல் தாங்காது. முழுப் பூவையும் அடைத்த நாட்களில் கதவுக் கண்ணாடி முழுக்க வேர்த்துவிடும், அதைப் பார்த்தாலே காய் வறுபடாமல் ஆவியில் வேகிறது என்று தெரிந்துவிடும்.

முழுக்கோழி மட்டும் இதில் சரிவரவில்லை. ஒன்றேகால் கிலோ கோழியைக் கடைசிப் பள்ளத்தில் வைத்தாலும் நெஞ்சுப் பகுதி ராடை நெருங்கிவிடுகிறது. இப்போது கறிக்கடையிலேயே முதுகெலும்பை வெட்டி எடுத்து, விரித்துத் தட்டையாகத் தரச் சொல்லி வாங்குகிறேன். அப்படி வைத்தால் இரண்டாவது பள்ளத்திலேயே அடங்குகிறது, 50 நிமிடத்தில் வெந்தும் விடுகிறது.