படிக்கட்டில் செத்து விழுபவன்: ராக்டாலா, அனிமேஷனா?

நாங்கள் இரண்டு பேர் சேர்ந்து செய்யும் கேமில் காவலாளிகள் நிறைய. அடிபட்டுச் சாக அவர்களுக்கு மூன்று அனிமேஷன்கள் வைத்திருந்தோம்: முன்பக்கம் குப்புற, பின்பக்கம் மல்லாக்க, முழங்கால் மடிந்து பக்கவாட்டில். சமதளத்தில் மூன்றும் அழகாகவே இருந்தன. பிறகு ஒருவனைப் படிக்கட்டின் உச்சியில் வைத்துச் சுட்டோம். கீழ்ப்பக்கம் பார்த்து நின்றவன் குப்புற விழுந்தான், விழுந்தவன் அந்தரத்திலேயே படுத்துக்கொண்டான்.

கணக்கு எளிது. படி ஒன்றின் உயரம் 17 செ.மீ., அகலம் 28 செ.மீ. என்றால் சரிவு ஏறக்குறைய 31 டிகிரி. ஆள் 1.7 மீட்டர். கால் மேல்படியில் இருக்க, உடல் மட்டமாகக் கிடந்தால், தலைக்குக் கீழே படிக்கட்டு ஒரு மீட்டர் இறங்கிப் போயிருக்கும். அனிமேஷன் செய்தவருக்குத் தரை என்பது ஒரே ஒரு தட்டையான கோடு. அங்கே படி இருக்கும் என்று அந்தக் கோப்புக்குத் தெரியாது. மேல்நோக்கி விழுந்தவனின் கதை இதற்கு நேர்மாறு, தலை கல்லுக்குள் போய்விட்டது.

படிக்கட்டுக்கென்று தனி அனிமேஷன் செய்யலாம் என்று முதலில் நினைத்தோம். ஏறுமுகம், இறங்குமுகம், சுவர் ஓரம், மேசை மேல், மாடி விளிம்பு என்று பட்டியல் நீண்டுகொண்டே போனது. அன்றைக்கே ராக்டாலுக்கு மாறிவிட்டேன். ஆகவே இந்த ஒப்பீடு நடுநிலையானது இல்லை என்பதை முன்பே சொல்லிவிடுகிறேன்.

ராக்டால் என்றால் துணிப்பொம்மை. யூனிட்டி கேம் எஞ்சினில் அதற்கென்று இருக்கும் கருவி ஆளைப் பதினொரு துண்டுகளாகப் பிரிக்கிறது: இடுப்பு, நெஞ்சு, தலை, இரண்டு தொடை, முழங்காலுக்குக் கீழே இரண்டு கால்பகுதி, இரண்டு மேல்கை, இரண்டு முன்கை. அவற்றை இணைக்கப் பத்து மூட்டுகள். ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எடை, மோதல் உணர ஒரு கொலைடர். ஒவ்வொரு மூட்டுக்கும் எந்தப் பக்கம் எவ்வளவு மடங்கலாம் என்ற எல்லை உண்டு. ஆள் உயிரோடு இருக்கும்வரை அனிமேஷன்தான் எலும்புகளை ஆட்டுகிறது, துண்டுகள் அதன் பின்னாலேயே சும்மா போய்க்கொண்டிருக்கும். செத்த கணத்தில் அனிமேஷனை நிறுத்தி, துண்டுகளைப் பிசிக்ஸிடம் விட்டுவிடுகிறோம். அப்புறம் புவியீர்ப்பு இழுக்கிறது, மூட்டு பிடிக்கிறது, படி தடுக்கிறது. அந்தக் காவலாளியின் நெஞ்சு ஒரு படியிலும், தொங்கிய கை இரண்டு படி கீழேயும், தலை கைப்பிடிக் கம்பத்தில் சாய்ந்தும் நின்றன. யாரும் வரைந்து வைக்காத கோலம் அது.

யோசனை பழையதுதான். 2000-இல் வந்த ஹிட்மேன்: கோட்நேம் 47 கேமில் பிணங்களை இழுத்துப் போக முடிந்ததற்கு இதுவே காரணம். அதன் பிசிக்ஸை எழுதிய தாமஸ் யாகப்சன் அந்த முறையை 2001-இல் கேம் டெவலப்பர் மாநாட்டில் விளக்கினார். உடலைப் புள்ளிகளும் குச்சிகளுமாக வைத்துக்கொண்டு, புள்ளிகளை நகர்த்திவிட்டு, குச்சியின் நீளம் மாறியிருந்தால் இரு முனைகளையும் திரும்பத் திரும்பச் சரியான இடத்துக்குத் தள்ளுவார். இன்றைய எஞ்சின்கள் வேறு வகையில் கணக்குப் போட்டாலும், சில சுற்றுகள் திருத்தி ஓரளவு சரியானதும் விட்டுவிடும் குணம் அப்படியே இருக்கிறது. அதனால்தான் எடை விஷயத்தில் நிஜத்தைப் பின்பற்றக் கூடாது. நெஞ்சுக்கு 30 கிலோவும் முன்கைக்கு ஒன்றரைக் கிலோவும் கொடுத்தேன். இருபது மடங்கு வித்தியாசம், முழங்கை ரப்பர் போல நீண்டது. முன்கையை 3 கிலோவாக ஏற்றி நெஞ்சைக் குறைத்ததும் அடங்கிவிட்டது.

ராக்டால் நம்பும்படி இருக்குமா, சிரிப்பு வருமா என்பதை முடிவு செய்வது வேறொன்று. அனிமேஷனிலிருந்து பிசிக்ஸுக்குக் கைமாறும் அந்தக் கால் நொடி. என் நேரத்தில் பெரும்பகுதியைத் தின்றது அதுதான், அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் நாள் நான் கண்டது இது. ஓடிக்கொண்டிருந்தவனைச் சுட்டால், ஓட்டம் சட்டென்று நின்று, நின்ற இடத்திலேயே கொடியிலிருந்து நழுவிய துணி மாதிரி கீழே குவிந்தான். துண்டுகளைப் பிசிக்ஸிடம் கொடுக்கும்போது வேகம் பூஜ்யமாக இருந்ததுதான் காரணம். எலும்பு முந்தைய ஃபிரேமில் எங்கே இருந்தது, இப்போது எங்கே இருக்கிறது என்று பார்த்து, அந்த வேகத்தை ஒவ்வொரு துண்டுக்கும் நாமே கொடுக்க வேண்டும்:

```
rb.isKinematic = false;
rb.linearVelocity = (now - prev) / Time.deltaTime;
```

இந்த இரண்டு வரி சேர்ந்ததும் ஓடியவன் ஓடிய திசையிலேயே உருண்டான்.

இரண்டாவது, சிலர் செத்ததும் ராக்கெட் மாதிரி கூரைக்குப் பறந்தார்கள். இதைப் பார்த்தால் உடனே சந்தேகப்பட வேண்டியது, ஒன்றுக்குள் ஒன்று புகுந்து நிற்கும் கொலைடர்களை. உயிரோடு இருக்கும்போது ஆளைச் சுற்றி கேப்ஸ்யூல் வடிவில் ஒரு பெரிய கொலைடர் இருக்கும். நான் அதை அணைக்க மறந்திருந்தேன். பதினொரு துண்டுகளும் அதற்குள் இருப்பதைப் பார்த்த எஞ்சின், அத்தனையையும் ஒரே அடியில் வெளியே தள்ளப் பார்த்திருக்கிறது. சுவரை ஒட்டி நின்றவன் கை சுவருக்குள் இருந்தாலும் இதேதான் நடக்கும். அதற்கு, புகுந்ததை எஞ்சின் அதிகபட்சம் எவ்வளவு வேகத்தில் வெளியே தள்ளலாம் என்று சொல்லும் `maxDepenetrationVelocity` மதிப்பைக் குறைத்து வைத்தேன். பறக்காமல் மெதுவாக வெளியே நகர்ந்து வருகிறது.

மூன்றாவதுதான் கஷ்டமானது. எல்லாம் சரியாக இருந்தும் விழுவது பொய்யாகத் தெரிந்தது. ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கும் இடுப்பு தடையே இல்லாமல் விழுந்தால் 0.45 நொடியில் தரையைத் தொடும். நூலறுந்த பொம்மைக்கு ஆகும் நேரம் அது. மனிதன் அப்படி விழுவதில்லை. அடி பட்டவனின் தசைகள் ஒரே கணத்தில் அத்தனையும் தளர்வதில்லை. முழங்கால் கொஞ்சம் தாங்கும், கை எதையோ பிடிக்கப் போகும், உடல் ஒரு பக்கம் சாய்ந்த பிறகே மடியும். ஆகவே நான் செய்தது கலப்படம். அடிபட்டதும் 0.25 நொடிக்கு ஒரு சின்ன அனிமேஷன், அதாவது தோள் பின்வாங்கி, தலை குனியும் அளவுக்கு மட்டும். பிறகு பிசிக்ஸ். ஆனால் மூட்டுகளை உடனே தளர விடாமல், கடைசித் தோரணையை நோக்கி இழுக்கும் ஒரு விறைப்பைக் கொடுத்து, அதை அரை நொடிக்குள் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தேன். விழ எடுக்கும் நேரம் ஏறக்குறைய ஒரு நொடியானது. பார்த்த நண்பர், "இப்போதான் இவனுக்கு எலும்பு இருக்கு" என்றார்.

குண்டின் தள்ளு பற்றியும் ஒரு வார்த்தை. 8 கிராம் குண்டு நொடிக்கு 400 மீட்டர் வேகத்தில் வந்து 70 கிலோ ஆளுக்குள் நின்றுபோனால், அவனுக்குக் கிடைக்கும் வேகம் நொடிக்கு ஐந்து செ.மீ.கூட இல்லை. கேம்களில் ஆள் பின்னால் தூக்கி வீசப்படுவது முழுக்க நாடகம். நாடகம் வேண்டும்தான், இல்லாவிட்டால் சுட்டது பட்டதா என்றே ஆடுபவருக்குத் தெரியாது. நான் நிஜத்தைப் போலப் பத்து மடங்கு வைத்திருக்கிறேன். ஆனால் அதை இடுப்பில் கொடுக்காமல் குண்டு பட்ட துண்டில் கொடுத்தேன். தோளில் பட்டால் உடல் திரும்பி விழுகிறது. மூன்று அனிமேஷன் வைத்திருந்தபோது இது நினைத்தே பார்க்க முடியாத விஷயம்.

நிலையான அனிமேஷனை வடிவமைப்பாளர்கள் விடாமல் வைத்திருக்கும் இடங்களும் உண்டு, அதற்குக் காரணமும் உண்டு. எங்கள் கேமின் கடைசி வில்லன் ராக்டால் இல்லை. அவன் மண்டியிட்டு, ஆடுபவரை நிமிர்ந்து பார்த்து, பிறகு சாய வேண்டும். அந்தப் பார்வையைப் பிசிக்ஸ் தராது. அவன் எங்கே நின்று சாவான் என்பது முன்பே தெரியும், தரை சமம். அனிமேஷனுக்கு வேண்டியதெல்லாம் அங்கே இருக்கிறது. சண்டை கேம்களில் விழுந்தவன் எத்தனையாவது ஃபிரேமில் எழுவான் என்பதுதான் ஆட்டமே. அங்கே விழுவது ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருந்தாக வேண்டும். மேலிருந்து பார்க்கும் கேமில் நூறு பேர் சாகும்போது நூறு ராக்டால் தேவையும் இல்லை, கண்ணுக்குத் தெரியவும் தெரியாது.

விழுந்தவன் திரும்ப எழ வேண்டுமென்றால் ராக்டால் இரட்டை வேலை. இடுப்பு வானத்தைப் பார்க்கிறதா தரையைப் பார்க்கிறதா என்று சோதித்து, மல்லாந்தவனுக்கு ஒன்று, குப்புறக் கிடப்பவனுக்கு ஒன்று என எழும் அனிமேஷன் இரண்டு வேண்டும். கிடக்கும் கோலத்திலிருந்து அதன் முதல் ஃபிரேமுக்கு அரை நொடியில் கலந்து கொண்டுபோக வேண்டும். படிக்கட்டில் கிடப்பவனை எழுப்ப நான் இன்னும் முயலவில்லை. எங்கள் காவலாளிகள் எழுவதில்லை என்று முடிவு செய்து தப்பித்தேன்.

பலர் சேர்ந்து ஆடும் கேமில் என் அனுபவம் ஒரு சோதனைப் பதிப்போடு நின்றுவிட்டது, அதனால் அழுத்திச் சொல்ல மாட்டேன். அதில் ஒவ்வொரு கணினியும் ராக்டாலைத் தனித்தனியே கணக்கிட்டது. என் திரையில் பிணம் படியின் அடியில், நண்பர் திரையில் நடுப்படியில். வேடிக்கைக்கு மட்டும் என்றால் பரவாயில்லை. பிணத்திடமிருந்து சாவியை எடுக்க வேண்டும் என்றபோது தொல்லையானது. சாவியைப் பிணத்திலிருந்து பிரித்து, அவன் செத்த இடத்தில் தனிப் பொருளாக வைத்துச் சமாளித்தோம்.

மிச்சமிருந்தது நடுக்கம். படி விளிம்பில் கிடந்த கை நிற்காமல் துடித்துக்கொண்டே இருந்தது. மூட்டு ஒரு பக்கம் இழுக்க, கல் மறுபக்கம் தள்ள, இரண்டும் ஒத்துப்போகவில்லை. திருத்தும் சுற்றுகளை 6-லிருந்து 12 ஆக்கியதில் பாதி குறைந்தது. மீதிக்கு, இடுப்பின் வேகம் தொடர்ந்து ஒரு நொடி மிகக் குறைவாக இருந்தால் பதினொரு துண்டுகளையும் அப்படியே உறைய வைக்கிறேன். உறைந்த பிணம் கதவை மறித்துக் கிடந்தால் கதவு திறக்காது என்பது அடுத்த வாரம் தெரிந்தது. இப்போது கதவு தொட்டதும் பிணம் மறுபடி தளர்கிறது.