அரைமண்டியை வீடியோவில் அளப்பது: மீடியாபைப்பா, மூவ்நெட்டா? கோணமா, இடுப்பின் உயரமா?

பரதநாட்டிய ஆசிரியர் ஆடிய தட்டடவு ஒரு வீடியோ, மாணவி ஆடியது இன்னொரு வீடியோ. இரண்டிலும் அரைமண்டியில், அதாவது முழங்கால்களைப் பக்கவாட்டில் விரித்து மடக்கிப் பாதி அமரும் நிலையில், முழங்கால் எத்தனை டிகிரி மடங்கியிருக்கிறது என்று, படத்தில் உடலின் மூட்டுகளைப் புள்ளிகளாகக் கண்டுபிடித்துத் தரும் போஸ் எஸ்டிமேஷன் மாடலை வைத்துக் கணக்கிட்டு ஒப்பிட வேண்டும். இதற்கு எந்த மாடல் நல்லது என்பதுதான் எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி. ஆனால் முடிவைப் பெரிய அளவில் கெடுப்பது பெரும்பாலும் மாடல் அல்ல. புள்ளிகளை வாங்கிய பிறகு நாம் போடும் கணக்குதான். இந்த அலசலில் இரண்டையும் பார்ப்போம்.

அரைமண்டியைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. முழங்கால்கள் பக்கவாட்டில் விரிவதால், தொடையும் கெண்டைக்காலும் கேமராவுக்கு நேரெதிர்த் தளத்தில் கிடக்கின்றன. முன்னாலிருந்து எடுத்த சாதாரண வீடியோவிலேயே மடிப்பு தெரியும். யோகாவில் இரண்டாம் வீரபத்ராசனத்துக்கும் இதே வசதி உண்டு. உத்கடாசனத்தை முன்னாலிருந்து எடுத்தால் முழங்கால் கேமராவை நோக்கி வந்துவிடும். அதைப் பக்கத்திலிருந்துதான் எடுக்க வேண்டும், எந்த மாடலாக இருந்தாலும்.

மாடல்கள்

மீடியாபைப் உடலில் 33 புள்ளிகள் தருகிறது. மூவ்நெட் 17 தருகிறது. யோலோவின் போஸ் மாடல்களும் அதே 17 புள்ளிகள்தான். இந்த 17, கணுக்காலோடு முடிந்துவிடும். குதிகாலும் கால்விரலும் அதில் இல்லை. அரைமண்டியில் பாதம் எவ்வளவு வெளிப்பக்கம் திரும்பியிருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டுமானால் மூவ்நெட்டும் யோலோவும் இங்கேயே விலகிவிடுகின்றன. முழங்கால் மடிப்பு மட்டும் போதுமென்றால் போட்டி தொடர்கிறது.

அடுத்தது படத்தின் அளவு. மூவ்நெட்டின் லைட்னிங் வகைக்கு 192×192 பிக்சல் படம் போகும், தண்டர் வகைக்கு 256×256. போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்த 1080×1920 வீடியோவை அப்படியே லைட்னிங்குக்குக் கொடுத்தால், ஓரங்களை நிரப்பிச் சதுரமாக்கிய பிறகு பத்துக்கு ஒன்றாகச் சுருங்கும். அசலில் 241 பிக்சல் நீளமிருந்த தொடை லைட்னிங்கில் 24 பிக்சல் ஆகிவிடும். அங்கே முழங்கால் புள்ளி ஒரே ஒரு பிக்சல் குறுக்கே தள்ளி விழுந்தாலும் தொடையின் சாய்வு 2.4 டிகிரி மாறும். ஆளைச் சுற்றி 1100 பிக்சல் சதுரமாக வெட்டித் தண்டருக்குக் கொடுத்தால் தொடை 56 பிக்சல் இருக்கும், அதே ஒரு பிக்சல் பிழை 1 டிகிரிக்கு இறங்கும். மூவ்நெட் மாடலை மட்டும் தனியாக எடுத்து ஓட்டினால், இப்படி வெட்டும் வேலையை நம் நிரலே செய்தாக வேண்டும். மீடியாபைப் ஆளை முதலில் கண்டுபிடித்து, அந்தப் பகுதியை மட்டும் வெட்டியெடுத்துப் புள்ளி தேடுகிறது. அதனால் இந்தத் தொல்லை இல்லை.

மூவ்நெட்டின் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. யோகா, உடற்பயிற்சி, நடன வீடியோக்களிலிருந்து எடுத்த படங்களும் அதன் பயிற்சியில் சேர்ந்தவை. உலாவியிலேயே வேகமாக ஓடும். ஆடும்போதே திரையில் கோணம் காட்ட வேண்டுமானால் அது நல்ல தேர்வு. பதிவு செய்த வீடியோவைப் பிறகு உட்கார்ந்து அலச வேகம் எதற்கு? அதற்கு மீடியாபைப்பின் `pose_landmarker_heavy.task` போதும். ஒரே ஃபிரேமில் ஐந்தாறு மாணவிகள் நின்றால் யோலோ வசதி. ஆனால் அதன் உரிமம், நம் நிரலையும் திறந்து தரச் சொல்லும் ஏஜிபிஎல். மூடிய நிரலாக விற்க நினைப்பவர்கள் முதலில் அதைப் படித்துவிட வேண்டும்.

கோணத்தைக் கெடுக்கும் கணக்கு

மீடியாபைப் தரும் `x`, `y` இரண்டும் 0 முதல் 1 வரையிலான எண்கள். `x` அகலத்தாலும் `y` உயரத்தாலும் வகுக்கப்பட்டவை. அகலமும் உயரமும் வேறுவேறு என்பதால் இந்த எண்களில் நேரடியாகக் கோணம் கண்டால் உடலையே நசுக்கிவிட்டு அளப்பது போலாகும்.

1080×1920 ஃபிரேமில் இடுப்பு (500, 1000), முழங்கால் (320, 1160), கணுக்கால் (480, 1400) என்று வைத்துக்கொள்வோம். பிக்சலில் கணக்கிட்டால் முழங்கால் கோணம் 98 டிகிரி. அதே புள்ளிகளை 0–1 எண்களாகவே விட்டுக் கணக்கிட்டால் 67 டிகிரி. ஆசிரியர் வீடியோ படுக்கை வாட்டத்திலும் மாணவியின் வீடியோ நிமிர்ந்த வாட்டத்திலும் இருந்தால், பிழை எதிரெதிர்த் திசைகளில் போகும். இருவரும் ஒரே மாதிரி அமர்ந்திருந்தாலும் பெரிய வித்தியாசம் காட்டும். தீர்வு ஒரு பெருக்கல்தான். கீழே `lm` என்பது மீடியாபைப் தந்த புள்ளிகளின் பட்டியல், `w`, `h` ஃபிரேமின் அகலமும் உயரமும்:

```python
import numpy as np

def angle(a, b, c, w, h):
    p = [np.array([k.x * w, k.y * h]) for k in (a, b, c)]
    u, v = p[0] - p[1], p[2] - p[1]
    cos = u @ v / (np.linalg.norm(u) * np.linalg.norm(v))
    return np.degrees(np.arccos(np.clip(cos, -1, 1)))

right_knee = angle(lm[24], lm[26], lm[28], w, h)
left_knee = angle(lm[23], lm[25], lm[27], w, h)
```

மூவ்நெட்டில் வேறொரு பொறி: அது `y` முதலில், `x` அடுத்து என்ற வரிசையில் தருகிறது. மாற்றிப் போட்டாலும், இரண்டையும் ஒரே அளவால் பெருக்கும்வரை கோணம் சரியாகவே வரும். அதனால் தவறு கண்ணில் படாது. புள்ளிகளைப் படத்தின் மேல் வரைந்து பார்த்தால்தான் ஆள் படுத்துக் கிடப்பது தெரியும். எதைச் செய்யாவிட்டாலும் இப்படி வரைந்து பார்ப்பதை விடக்கூடாது.

கோணம், இடுப்பு உயரம், முப்பரிமாணம்

பிக்சல் சரியாகி, 98 டிகிரி வந்துவிட்டது. அடுத்த சிக்கல் உடலிலேயே இருக்கிறது. இதே மாணவி அதே ஆழத்தில் அமர்ந்தபடி, முழங்கால்களை முழுக்கப் பக்கவாட்டில் திறக்காமல் 30 டிகிரி முன்பக்கம் விடுகிறாள் என்று கொள்வோம். கேமராவுக்குத் தொடையும் கெண்டைக்காலும் குறுக்கே சுருங்கித் தெரியும். கோணம் 106 டிகிரியாக ஏறும். நிரல் "இன்னும் கீழே உட்கார்" என்று சொல்லும். உண்மையில் அவள் சரியான ஆழத்தில்தான் இருக்கிறாள். திறக்க வேண்டியது இடுப்பு மூட்டு. தவறான திருத்தம் சொன்னால் முழங்காலுக்குத்தான் வலி.

மீடியாபைப் மீட்டர் அளவில் முப்பரிமாணப் புள்ளிகளும் தருகிறது. நிரலில் அதன் பெயர் `pose_world_landmarks`. அதை வைத்துக் கணக்கிட்டால் இந்தச் சுருக்கம் நீங்க வேண்டும். கொள்கையளவில் சரிதான். ஆனால் ஒற்றைக் கேமராவில் ஆழம் என்பது அளந்ததல்ல, மாடல் ஊகித்தது. பயிற்சிப் புடவையின் மடிப்பு தொடையை மறைக்கும்போது அந்த ஊகம் ஃபிரேமுக்கு ஃபிரேம் ஆடும். அசையாமல் நிற்கும் ஐந்து விநாடியை எடுத்து இருபரிமாணக் கோணத்தையும் முப்பரிமாணக் கோணத்தையும் வரைபடமாகப் போட்டுப் பாருங்கள். எந்தக் கோடு அதிகம் நடுங்குகிறதோ அதைத் திருத்தத்துக்கு நம்ப வேண்டாம்.

இதற்கு எளிய மாற்று இடுப்பின் உயரம். முதலில் மாணவி சமபாதத்தில் நேராக நிற்கும் ஃபிரேம் ஒன்றில், இடுப்புக்கும் கணுக்காலுக்கும் இடையே செங்குத்து உயரம் எத்தனை பிக்சல் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். நம் உதாரணத்தில் தொடை 241, கெண்டைக்கால் 288. நிமிர்ந்து நின்றால் சுமார் 529. அரைமண்டியில் அது 400. விகிதம் 0.76. முழங்கால் 30 டிகிரி முன்னே வந்தாலும் செங்குத்து உயரம் மாறாது, விகிதமும் 0.76 ஆகவே நிற்கும். ஆக, விகிதம் ஆசிரியருடையதோடு ஒத்துப்போய், முன்பார்வைக் கோணம் மட்டும் பெரிதாக இருந்தால் குறை திறப்பில். இரண்டுமே அதிகமென்றால் ஆழம் போதவில்லை. ஒற்றைக் கோணத்தால் சொல்ல முடியாததை இந்த ஜோடி சொல்லிவிடுகிறது.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. கேமரா இடுப்பு உயரத்தில், மட்டமாக, மூன்று நான்கு மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். அலமாரி மேல் வைத்துக் கீழ்நோக்கி எடுத்தால் செங்குத்து அளவே சுருங்கிவிடும். போனின் 0.5 லென்ஸ் வேண்டாம். ஓரத்தில் உடலை இழுத்துவிடும். சமபாதமும் அரைமண்டியும் ஒரே இடத்தில், போனைத் தொடாமல் எடுத்ததாக இருக்கட்டும்.

தட்டும்போது

தட்டடவில் தூக்கிய காலின் பாதம் பின்னால் போய்த் தொடைக்கும் புடவைக்கும் பின்னே மறைகிறது. மாடல் சும்மா இராது. கணுக்கால் இருக்கக்கூடும் என்று நினைக்கும் இடத்தில் ஒரு புள்ளியை வைக்கும். மீடியாபைப்பில் அந்தப் புள்ளியின் `visibility` மதிப்பு விழுவதைக் கவனித்து அந்த ஃபிரேமின் கோணத்தைத் தள்ளிவிட வேண்டும். தூக்கிய காலை விட்டு, ஊன்றிய காலை மட்டும் அளப்பது இன்னும் நல்லது. அரைமண்டியில் அதிகம் காணும் குறையும் அங்கேதான் வெளிப்படும்: கால் தூக்கும்போதெல்லாம் உடல் மேலே எழும்பும். இடுப்பு உயர விகிதத்தை நேரத்துக்கு எதிராக வரைந்தால் ஆசிரியரின் கோடு ஏறத்தாழ மட்டமாகப் போகும். எழும்பும் மாணவியின் கோட்டில் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு மேடு இருக்கும்.

இரண்டு வீடியோக்களின் நேரத்தைப் பொருத்தவும் இரண்டு வழிகள் உண்டு. டிடிடபிள்யூ எனும் முறை, ஒரு கோட்டை நீட்டியும் சுருக்கியும் இன்னொன்றின் மேல் படியவைக்கும். ஆசனங்களுக்கு இது சரி, ஒருவர் மெதுவாக நுழைந்தால் குற்றமில்லை. அடவுக்கு இது ஆகாது. தாளத்துக்குப் பின்னால் விழுந்த தட்டையும் இழுத்துச் சரியான இடத்தில் வைத்துவிடும். தாளம் தப்பியதே அறிக்கையில் வராது. அதற்குப் பதில், தாளம் தட்டும் தட்டுக்கழியின் ஓசையைப் பிடித்துக்கொள்ளலாம். வீடியோவின் ஒலியில் அது கூரான உச்சிகளாகத் தெரியும். உச்சிக்கு உச்சி பொருத்தி, ஒவ்வொரு தட்டின் நொடியிலும் இருவரின் விகிதத்தையும் கோணத்தையும் எடுத்து ஒப்பிட வேண்டும். ஃபிரேம் எண்ணை 33 மில்லிவிநாடியால் பெருக்கி நேரம் காண வேண்டாம். பல போன்கள் சீரற்ற ஃபிரேம் வேகத்தில் பதிகின்றன, ஒரு நிமிடத்தில் பொருத்தம் நழுவிவிடும். கோப்பில் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் எழுதியிருக்கும் நேரத்தையே எடுக்க வேண்டும். வேகமான மூன்றாம் காலத்தில் பாதம் மங்கலாகத் தெரிந்தால் 60 ஃபிரேமில், நல்ல வெளிச்சத்தில் மீண்டும் எடுப்பதே வழி. மென்மையாக்கும் வடிகட்டியைக் கூட்டினால் தட்டின் உச்சியும் சேர்ந்து தேய்ந்துவிடும்.

எத்தனை டிகிரி வித்தியாசத்தைப் பிழை என்பது? ஆசிரியரையே பத்து முறை ஆடச் சொல்லி, அவரது எண்கள் எவ்வளவு ஊசலாடுகின்றன என்று பார்ப்பதுதான் நேர்மையான அளவுகோல். அந்த ஊசலில் அவர் உடலின் மாறுதலும் மாடலின் நடுக்கமும் இரண்டுமே அடங்கிவிடும். மாணவியின் எண் அந்த எல்லைக்குள் இருந்தால் திரையில் சிவப்பு காட்டத் தேவையில்லை. செல்ஃபி கேமராவில் எடுத்ததானால், சிவப்பு காட்டுமுன் இடமும் வலமும் மாறியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.